திசை மாறும் தேதியை எவ்வளவு நம்பலாம்? கேள்விகளும் பதில்களும்

சேலம் அம்மாப்பேட்டையில் என் பெரியப்பா தறி ஓட்டிக்கொண்டே ஜாதகமும் எழுதிக்கொடுத்தார். பத்தாம் வகுப்பு விடுமுறையில் அவரிடம் உட்கார்ந்து, கிரகங்கள் முறைவைத்து வாழ்க்கையை ஆள்வதாகச் சொல்லப்படும் காலமான திசையின் இருப்புக் கணக்கைக் கையால் போடக் கற்றுக்கொண்டேன். பிறகு கணக்கு ஆசிரியர் ஆனேன். திசைகள் மனித வாழ்க்கையை நடத்துகின்றன என்று நான் இன்று நம்பவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வர எனக்குப் பல வருடங்கள் ஆயின. கணக்கு தெரிந்ததால்தான் வர முடிந்தது. உறவினர்களும் பழைய மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

"ஜாதகத்துல 'கர்ப்பச் செல் நீக்கி சனி திசை இருப்பு 11 வருடம் 4 மாதம் 24 நாள்'னு இருக்கு. இது எங்கிருந்து வந்தது?"

பிறந்த நேரத்தில் சந்திரன் எந்த நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதிலிருந்து வந்தது. முழுக் கணக்குக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான்.

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு கிரகம் அதிபதி. அசுவினிக்குக் கேது, பரணிக்குச் சுக்கிரன், கார்த்திகைக்குச் சூரியன் என்று ஒன்பது கிரகங்களும் வரிசையாக வந்து, பத்தாவதான மகத்தில் மறுபடி கேது தொடங்கும். அதே வரிசையில்தான் திசைகளும் ஓடும். கேது 7 வருடம், சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. கூட்டினால் 120. அதனால்தான் இதற்கு விம்சோத்தரி, அதாவது நூற்றிருபது, என்று பெயர்.

உங்கள் ஜாதகத்தில் பூச நட்சத்திரம் என்று இருக்கும், அல்லது சனியின் மற்ற இரண்டு நட்சத்திரங்களான அனுஷம், உத்திரட்டாதியில் ஒன்று. பூசம் என்றே வைத்துக்கொள்வோம். பஞ்சாங்கத்தில் அன்றைய பூசம் மொத்தம் 60 நாழிகை என்று இருந்து, நீங்கள் பிறக்கும்போது 24 நாழிகை கழிந்துவிட்டது என்றால் மீதி 36 நாழிகை. அந்த மொத்தத்தைத்தான் ஆதியந்த பரம நாழிகை என்பார்கள். 60-ல் 36 மீதி இருக்கிறது, எனவே சனியின் 19 வருடத்திலும் அதே விகிதம் மீதி. 19-ஐ 36-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 11.4 வருடம். 0.4 வருடம் என்பது 4 மாதம் 24 நாள். கழிந்த 7.6 வருடம் கருவிலேயே செலவாகிவிட்டது என்பது மரபு. 'கர்ப்பச் செல்' என்பதன் பொருள் அதுதான்.

அதன் பிறகு கூட்டல் மட்டுமே. 11.4 வயதில் புதன் தொடங்கி 28.4 வரை. பிறகு கேது 35.4 வரை. பிறகு சுக்கிரன் 55.4 வரை. ஒவ்வொரு திசைக்குள்ளும் ஒன்பது புத்திகள், அதே விகிதத்தில். கேது திசைக்குள் சுக்கிர புத்தி எவ்வளவு என்றால் 7-ஐ 20-ஆல் பெருக்கி 120-ஆல் வகுக்க வேண்டும். ஒரு வருடம் 2 மாதம் வரும்.

"மென்பொருள் நாள் கணக்கு வரைக்கும் துல்லியமாச் சொல்லுதே, அப்புறம் என்ன சந்தேகம்?"

வகுத்தல் துல்லியமாக இருக்கிறது. உள்ளே போகும் எண்கள் அப்படி இல்லை. மேலே சொன்ன அதே பூச ஜாதகத்தை எடுத்துக்கொண்டு, சுக்கிர திசை தொடங்கும் வயதை மட்டும் பார்ப்போம். முதல் கணக்கில் அது 35 வயது 4 மாதம் 24 நாள்.

முதலில் பிறந்த நேரம். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். சனியின் 19 வருடத்தை 60 நாழிகையால் வகுத்தால் ஒரு நாழிகைக்கு 115 நாளுக்கு மேல் வருகிறது. ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 5 நாள். எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. என் சித்தப்பா மகன் பிறந்தபோது மருத்துவமனை அட்டையில் ஒரு நேரம் இருந்தது. பாட்டியோ அதற்கு 20 நிமிடம் முன்பே குழந்தை அழுத சத்தம் கேட்டது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மருத்துவமனையில் நேரத்தைப் பிரசவ அறையில் எழுதினார்களா, பிறகு வார்டில் எழுதினார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டி சொன்ன நேரத்தை வைத்தால் சுக்கிர திசை மூன்று மாதம் தள்ளிப்போய் 35 வயது 8 மாதத்தில் தொடங்குகிறது.

அடுத்தது அயனாம்சம். ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியை வானத்தில் எங்கே வைப்பது என்பதில் ஜோதிடர்களுக்குள் ஒரே முடிவு இல்லை. பெரும்பாலானவர்கள் லாகிரி அயனாம்சத்தை வைத்திருக்கிறார்கள். பி.வி. ராமன் முறையைப் பின்பற்றுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 1 பாகை 27 கலை, அதாவது 87 கலை. ஒரு நட்சத்திரம் 800 கலை. 800-க்கு 87 என்றால் 19 வருடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல். ராமன் முறையில் அதே ஆளுக்குச் சனி திசை இருப்பு 9 வருடம் 4 மாதம்தான். சுக்கிர திசை 33 வயது 4 மாதத்திலேயே வந்துவிடும்.

மூன்றாவது, திசை வருடம் என்பது எத்தனை நாள்? 365¼ நாள் என்று எடுப்பவர்கள் அதிகம். 360 நாள் என்று எடுக்கும் ஒரு மரபும் உண்டு. 35.4 வருடத்தை 360 நாள் வருடங்களாக எண்ணினால், நம் காலண்டர்படி ஏறத்தாழ 34 வயது 10½ மாதத்தில் முடிந்துவிடும். அரை வருட வித்தியாசம்.

ஆக ஒரே ஆளுக்கு, ஒரே திசைக்கு, 33 வயது 4 மாதம் முதல் 35 வயது 8 மாதம் வரை தேதி நகர்கிறது. யாரும் கணக்கில் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் முறையில் சரியாகவே போட்டிருக்கிறார்கள். திரையில் தெரியும் நாளைப் பார்க்கும்போது இந்த இரண்டேகால் வருட அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த அகலம் எல்லோருக்கும் ஒன்றல்ல. பிறந்த நட்சத்திரத்தின் திசை எவ்வளவு நீளமோ அதற்கு ஏற்ப மாறும். கார்த்திகையில் பிறந்தவருக்குச் சூரிய திசை 6 வருடம்தான், எனவே ஒரு நாழிகைத் தவறு 36 நாளோடு போகும். பரணி, பூரம், பூராடத்தில் பிறந்தவருக்கு அதே தவறு நான்கு மாதம். பிறப்பில் வந்த அந்தத் தவறு பிறகு குறையவே குறையாது. எழுபது வயதில் வரும் திசைக்கும் அப்படியே போகும்.

"வாக்கியமா, திருக்கணிதமா? எது சரி?"

கிரகம் வானத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால், இன்றைய வானியல் கணக்கை வைத்துப் போடும் திருக்கணிதம். வாக்கியப் பஞ்சாங்கத்தின் சந்திரக் கணக்கு 248 வாக்கியங்களை அடிப்படையாகக் கொண்டது. சந்திரன் பூமியை நெருங்கியும் விலகியும் செல்லும் சுற்று ஒன்பது முறை முடிய 248 நாள் ஆகும் என்ற அருமையான கவனிப்பிலிருந்து பிறந்தது. மனப்பாடம் செய்தே சந்திரனின் இருப்பைச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை தோன்றுகிறது. ஆனால் சூரியனின் ஈர்ப்பால் சந்திரன் வேகத்தில் வரும் ஏற்ற இறக்கம் சில அதில் இல்லை. அதனால் நட்சத்திரம் முடியும் நேரம் சில நாட்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேறுபடும். ஒரு மணி நேரம் என்றால் சனி நட்சத்திரத்துக்கு ஒன்பது மாதத்துக்கு மேல்.

சனிப்பெயர்ச்சியில் இது எல்லோர் கண்ணிலும் படுகிறது. சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா நடந்தது டிசம்பரில். மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. கடக ராசிக்காரர் ஒருவருக்கு அட்டமச் சனி ஒரு பஞ்சாங்கத்தில் விலகி, இன்னொன்றில் பதினோரு மாதத்துக்கு மேல் நீடித்தது. அந்தப் பதினோரு மாதத்தில் நல்லது நடந்தால் திருக்கணிதம், கெட்டது நடந்தால் வாக்கியம் என்று பேசுவதை நானே கேட்டிருக்கிறேன்.

"சனிக்கு ஏன் 19, சுக்கிரனுக்கு ஏன் 20? கிரகத்தோட சுற்றுக் காலமா?"

இல்லை. சனி சூரியனைச் சுற்ற 29½ வருடம் ஆகிறது, திசை 19. குருவுக்கு 12 வருடம், திசை 16. ராகு கேதுப் புள்ளிகள் ராசிச் சக்கரத்தைச் சுற்ற 18.6 வருடம் ஆகும், ராகு திசை 18 என்பது அதற்கு அருகில் வருகிறது. ஆனால் கேதுவும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது, அதற்கோ 7. வானத்தைப் பார்த்து இந்த எண்களைக் கண்டுபிடிக்க வழியில்லை. அஷ்டோத்தரி என்ற முறையில் மொத்தம் 108 வருடம், யோகினி முறையில் 36. அவற்றில் அதே வயதில் வேறு கிரகத்தின் திசை ஓடும்.

"தம்பிக்கு சுக்கிர திசை வரப்போகுது, அப்பத்தான் தொழில் தொடங்கணும்னு ஜோசியர் சொல்லிட்டார். காத்திருக்கலாமா?"

இதே கேள்வியோடு என்னிடம் வந்தவன்தான் மேலே சொன்ன சித்தப்பா மகன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்று குத்தகைக்கு வந்தது. பட்டறைக்காரர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். பூச நட்சத்திரம், தனுசு லக்னம். சுக்கிர திசை வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, அதுவரை கை வைக்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார்.

நான் அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். முதலாவது, தேதி. ராமன் அயனாம்சம் வைத்தால் அவனுக்குச் சுக்கிர திசை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. இரண்டாவது, பலன். தனுசு லக்னத்துக்குச் சுக்கிரன் ஆறாம் வீட்டுக்கும் பதினொன்றாம் வீட்டுக்கும் அதிபதி. ஆறு என்பது கடன், நோய், எதிரி. பதினொன்று என்பது லாபம். கடன் வாங்கித் தொடங்கும் பட்டறையில் நஷ்டம் வந்தால் 'ஆறாம் அதிபதி வேலையைக் காட்டினான்' என்று சொல்ல முடியும். காசு வந்தால் 'லாபாதிபதி கொடுத்தான்' என்று சொல்ல முடியும். இரண்டுமே சாஸ்திரத்தில் இருக்கிறது, யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் விழக்கூடிய ஒரு வாக்கை நம்பி எந்தப் பக்கம் போவது?

சுக்கிர திசை என்றாலே ராஜயோகம், சனி திசை என்றாலே கஷ்டம் என்ற பேச்சு ஜோதிட மரபிலேயே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ரிஷப லக்னத்துக்கும் துலா லக்னத்துக்கும் சனிதான் யோககாரகன், அதாவது நல்ல பலன் தருபவன். மேஷ லக்னத்துக்குச் சுக்கிரன் இரண்டுக்கும் ஏழுக்கும் உடையவன், அதாவது மரணத்தைக் குறிக்கும் மாரகாதிபதி. தெருவில் பேசும் ஜோதிடத்துக்கும் புத்தகத்தில் உள்ளதுக்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

அவன் கடைசியில் முடிவெடுத்தது வெள்ளி விலையையும், பட்டறையில் இருக்கும் ஆட்கள் நிலைப்பார்களா என்பதையும், வங்கி வட்டியையும் வைத்து. குத்தகையை எடுக்கவில்லை. விலை ஏறி இறங்கும் வேகத்தில் கையிருப்புக்குப் பணம் போதாது என்று கணக்கு காட்டியது. ஜோசியர் சொன்னதும் கணக்கு சொன்னதும் ஒரே பக்கம் விழுந்தன. அதனால் ஜோசியர் சரி என்று சித்தி இன்றும் சொல்கிறார். எடுக்காமல் போனதற்கு அவன் வைத்திருந்த காரணம் வேறு. அது அவனுக்குத் தெரியும்.

"ஆனா எனக்கு நடந்ததை எல்லாம் வருஷத்தோட அப்படியே சொன்னாரே! அது எப்படி?"

இந்த இடத்தில்தான் நானும் பல வருடம் தடுமாறினேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஜாதகம் நன்றாகப் பார்ப்பார், காசு வாங்க மாட்டார். சோதித்துப் பார்க்கலாமா ஐயா என்று கேட்டதும் அவரே ஆர்வமாக ஒப்புக்கொண்டார். ஐந்து பேரின் ஜாதகங்கள், பெயர் இல்லாமல். தனியாக ஐந்து தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர் வாழ்க்கையில் நடந்த ஆறு நிகழ்ச்சிகள், வருடத்தோடு: வேலை கிடைத்தது, கல்யாணம், அப்பா இறந்தது, விபத்து, வீடு கட்டியது, முதல் குழந்தை. எந்தத் தாள் எந்த ஜாதகத்துக்கு உரியது என்று அவர் திசை புத்தி பார்த்துப் பொருத்த வேண்டும்.

அரை மணி நேரத்தில் ஐந்தையும் சரியாகப் பொருத்திவிட்டார். சும்மா பொருத்தினால் 120 வழிகளில் ஒரே ஒரு வழிதான் முழுக்கச் சரி. அன்று கீழே இறங்கும் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்குத் தெரியவே இல்லை. ஒருவேளை இத்தனை நாள் நான்தான் தவறாக நினைத்திருக்கிறேனோ என்று மனம் அதிலேயே இருந்தது.

ஓட்டையைக் கண்டுபிடித்தது அவர்தான். மறுவாரம் போனில் கூப்பிட்டு, "சார், சனி நிற்கிற ராசியையும் குரு நிற்கிற ராசியையும் பார்த்தாலே பிறந்த வருஷம் தெரிஞ்சிடுதே, நான் என்னையறியாமல் வயசை வெச்சுப் பொருத்தியிருக்கேன்" என்றார். உண்மைதான். சனி ஒரு ராசியில் இரண்டரை வருடம் இருக்கும். ஐந்து பேருக்கும் வயது 28 முதல் 61 வரை. 2021-ல் கல்யாணம் என்று இருக்கும் தாள் அறுபது வயதுக்காரருடையதாக இருக்காது. திசையே பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாம் முறை என் பத்தாம் வகுப்புத் தோழர்கள் ஐந்து பேரின் ஜாதகங்களைக் கொடுத்தேன். எல்லோரும் 1984 ஜூனுக்கும் 1985 மேக்கும் இடையில் பிறந்தவர்கள். எல்லோருக்கும் சனி துலாத்திலோ விருச்சிகத்திலோதான். இந்த முறை அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். இரண்டு சரி, மூன்று தவறு.

இரண்டு சரி என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினாலும் 120 வழிகளில் 31 வழிகளில் இரண்டோ அதற்கு மேலோ சரியாக வரும். நான்கு முறை செய்தால் ஒரு முறை நடக்கும் விஷயம். அதனால் இது ஜோதிடத்தைப் பொய் என்று நிரூபிக்கவில்லை. ஐந்து பேரை வைத்து அப்படி எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் முதல் முறை கிடைத்த பிரமிப்பு முழுக்க வயதிலிருந்து வந்தது என்பதை எனக்குக் காட்டியது.

உங்கள் ஜோசியரிடம் நடந்ததையும் இப்படிப் பாருங்கள். ஜாதகத்தைத் திறந்ததும் உங்கள் வயது அவருக்குத் தெரியும். 23-லிருந்து 30-க்குள் வேலை, கல்யாணம், குழந்தை என்று நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது நடந்திருக்கும். உங்கள் முகமும் கூட வந்த அம்மாவின் தலையாட்டலும் மீதியைச் சொல்லும். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஏற்காட்டுப் பெரியவரும் ஏமாற்றவில்லை, தனக்கே தெரியாமல்தான் செய்தார்.

அந்தப் பெரியவர் ஒருநாள் சொன்னதை மறக்க முடியவில்லை. மார்ச், ஏப்ரலில் பூமழை விழுந்தால் எட்டு, ஒன்பது நாளில் காப்பிச் செடி பூக்கும். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரலில் ஒரு தயக்கமும் இருக்காது. பூக்காவிட்டால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "திசைபலன் சொல்லும்போது எனக்கு அந்தத் தைரியம் வந்ததே இல்லை, சார்" என்றார்.

"ஏழரைச் சனியில எங்க குடும்பமே கஷ்டப்பட்டோம். அது பொய்யா?"

கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அதை ஏழரையோடு சேர்க்கும் முன் ஒரு எண்ணிக்கை பாருங்கள். எந்த நாளிலும் பன்னிரண்டு ராசிகளில் மூன்றுக்கு ஏழரைச் சனி நடக்கும். ஒன்றுக்கு அட்டமச் சனி. ஒன்றுக்கு அர்த்தாஷ்டமச் சனி. ஏழாமிடத்துக் கண்டகச் சனியையும் சேர்த்தால் ஆறு ராசி. ஊரில் ஏறத்தாழ பாதிப் பேர் எப்போதும் ஏதோ ஒரு சனியில் இருக்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்குமே சனி இல்லாத காலம் அபூர்வம். கஷ்டம் வந்ததும் ஜாதகத்தைத் திறந்தால் அங்கே சனி இருக்கும். நன்றாக இருந்த வருடங்களில் நாம் திறப்பதே இல்லை. அப்போதும் அங்கே சனி இருந்திருக்கும்.

"விஞ்ஞானிகள் யாராவது முறையாச் சோதிச்சிருக்காங்களா, இல்லை சும்மா திட்டுறாங்களா?"

சோதித்திருக்கிறார்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் நண்பர்களும் 2008-ல் மகாராஷ்டிரத்தில் ஒன்று செய்தார்கள். படிப்பில் சிறந்த குழந்தைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100 பேர், இவர்களின் ஜாதகங்களைத் தயாரித்தார்கள். 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்து, இது எந்தக் குழந்தை என்று சொன்னார்கள். சரியாக வந்தது சராசரி 46 சதவீதம். காசு சுண்டினால் 50 வரும். அதிகம் எடுத்தவருக்கு 40-ல் 24.

இந்தச் சோதனை திசைக் காலத்தைச் சோதிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிறவிக் குணத்தைத்தான் கேட்டது. அதனால் திசையைப் பற்றி அறிய விரும்புபவர், மேலே சொன்ன மாதிரி ஒரே வயதுக்காரர்களை வைத்து, ஐந்துக்குப் பதில் ஐம்பது ஜாதகங்களோடு செய்ய வேண்டும். எந்த அயனாம்சம், எந்தப் பஞ்சாங்கம், வருடத்துக்கு எத்தனை நாள் என்பதை முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். நான் இன்னும் அந்த அளவுக்குச் செய்யவில்லை. ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அம்மா நம்புறாங்க. அவங்ககிட்ட இதை எல்லாம் சொல்லி மனசைக் கஷ்டப்படுத்தணுமா?"

கோயிலுக்குப் போய் எள் தீபம் போடுவதற்கு நான் ஒருபோதும் குறுக்கே நிற்க மாட்டேன். என் அம்மாவையும் சனிக்கிழமை சுகவனேஸ்வரர் கோயிலுக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போகிறேன். மருந்தை நிறுத்துவது, கடன் வாங்கிப் பரிகாரம் செய்வது, ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது, இந்த மூன்றும் வந்தால் மட்டும் உட்கார்ந்து பேசுவேன்.

"பையனுக்கும் பொண்ணுக்கும் தசா சந்தி இருக்குன்னு நல்ல சம்பந்தம் தட்டிப்போச்சு. ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இதில் சொல்லப்படும் காரணம் முழுக்கத் தேதியைச் சார்ந்தது. இருவருக்கும் திசை மாறும் காலம் ஒரு வருடத்துக்குள் நெருங்கி வந்தால் சேர்க்கக் கூடாது என்பது வழக்கம். சிலர் ஆறு மாதம் என்பார்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு ஜாதகத்தையும் போட்டுப் பார்த்தேன். பையனுக்கு ரோகிணி, லாகிரிப்படி ராகு திசை முடிந்து குரு தொடங்குவது 2027 ஜூன். பெண்ணுக்குப் பூரம், செவ்வாய் முடிந்து ராகு தொடங்குவது 2027 மார்ச். மூன்று மாத இடைவெளி, அதனால் சந்தி என்றார்கள். ராமன் அயனாம்சத்தில் போட்டால் ரோகிணிக்கு (சந்திர திசை 10 வருடம்) ஒரு வருடம் ஒரு மாதம் முன்னால் வருகிறது, 2026 மே. பூரத்துக்கு (சுக்கிர திசை 20 வருடம்) இரண்டு வருடம் இரண்டு மாதம் முன்னால், 2025 ஜனவரி. இடைவெளி பதினாறு மாதம். சந்தி இல்லை.

பிறந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். பெண் பிறந்த நேரம் 'காலை ஆறரை மணி வாக்கில்' என்று எழுதியிருக்கிறீர்கள். வாக்கில் என்பது அரை மணி இப்படியோ அப்படியோ இருக்கலாம். பூரத்துக்கு அரை மணி என்றால் ஐந்து மாதம். லாகிரியிலேயே கூட, குழந்தை அரை மணி பிந்திப் பிறந்திருந்தால் திசை முன்னால் நகர்ந்து 2026 அக்டோபரிலேயே தொடங்கி, இடைவெளி எட்டு மாதம் ஆகிவிடும். ஆறு மாதம் என்று பார்ப்பவருக்கு அதுவே போதும்.

பெண் வீட்டாரிடம் ஜோதிடம் பொய் என்று வாதம் செய்யாதீர்கள், அந்தப் பேச்சு அங்கே எடுபடாது. பெண்ணின் பிறப்புச் சான்றையோ மருத்துவமனைக் குறிப்பையோ தேடி எடுத்து நேரத்தை உறுதி செய்யச் சொல்லுங்கள். பிறகு அவர்களுடைய ஜோசியரையே, லாகிரி, ராமன், வாக்கியம் மூன்றிலும் இருவருக்கும் திசை முடியும் தேதியை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதித் தரும் தாளை எனக்கும் அனுப்புங்கள், கூட்டலை நான் சரிபார்க்கிறேன்.